அனுப்பிய தொகையும் வந்து சேர்ந்த தொகையும்

அறுகம்பையில் வீட்டின் இரண்டு மூன்று அறைகளை உல்லாசப் பயணிகளுக்கு விடும் சகோதரர்கள் பலர் முற்பணத்தை வங்கி மூலம் பெறுகின்றனர். அவர்கள் விருந்தினருக்கு அனுப்பும் தகவல்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். கணக்கு இலக்கமும் 'முற்பணம் 100 டொலர்' என்ற ஒரு வரியும்தான் இருக்கும். தகராறு அந்த வரியில்தான் பிறக்கிறது.

ஜெர்மனியில் இருந்து ஒருவர் 100 டொலர் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழியில் உள்ள இடைநிலை வங்கி 15 டொலரையும் நமது வங்கி 5 டொலரையும் கழித்துக்கொண்டால் கணக்கில் விழுவது 80 டொலர். அவர் கையில் 100 டொலருக்கான பற்றுச்சீட்டு இருக்கிறது. நமது கணக்கிலோ 80தான். இருவர் சொல்வதும் உண்மை. ஆனால் வாசலில் வந்து நிற்கும் விருந்தினரிடம் மீதி 20ஐக் கேட்டால் அவர் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார்.

வெளிநாட்டுப் பண அனுப்பலில் கட்டணத்தை யார் ஏற்பது என்பதற்கு மூன்று தெரிவுகள் உண்டு. OUR என்றால் அனுப்புபவரே ஏற்கிறார். SHA என்றால் தனது வங்கியின் கட்டணத்தை அவரும் மற்றவற்றை நாமும் ஏற்கிறோம். BEN என்றால் எல்லாம் நமது தலையில். எதுவும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் SHAதான் போகும். OUR போட்டாலும் நமது வங்கி தனது வரவுக் கட்டணத்தை எடுப்பதுண்டு. அதை முன்கூட்டியே வங்கியில் கேட்டு வைப்பது நல்லது.

ஆகவே 'அனுப்ப வேண்டிய தொகை' என்று எழுதாமல் இப்படி எழுதுங்கள்:

"எமது கணக்கில் வந்து சேர வேண்டிய முற்பணம் 100 அமெரிக்க டொலர். கட்டணத் தெரிவில் OUR என இடவும். எமது வங்கியின் வரவுக் கட்டணத்தை நாம் ஏற்போம். அதற்கு மேல் குறைந்தால் மீதியை வந்திறங்கும் நாளில் செலுத்தலாம். அறை உங்களுக்கே இருக்கும். குறிப்பு: AB14 12JUL."

கடைசி வாக்கியங்களில் கஞ்சத்தனம் வேண்டாம். அவை இருந்தால் வாசலில் பேச்சே எழாது.

குறிப்பில் அறை அல்லது பதிவு இலக்கமும் வரும் திகதியும் போதும். பெயரை நம்ப வேண்டாம். மனைவி பதிவு செய்து கணவனின் கணக்கிலிருந்து பணம் வருவது சாதாரணம். #, & போன்ற குறிகள் வங்கிச் செய்தியில் ஏற்கப்படாததால் எழுத்தும் இலக்கமும் மட்டுமே இருக்கட்டும். உள்நாட்டு விருந்தினருக்கும் இதே குறிப்பைக் கொடுங்கள். ஒரே நாளில் இரண்டு 10,000 ரூபா விழுந்தால் எது யாருடையது என்பதை அதுதான் காட்டும்.

கணக்கின் பெயரை வங்கிப் புத்தகத்தில் உள்ளபடியே எழுதுங்கள். விடுதியின் பெயரில் பலகை தொங்கினாலும் கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் உங்கள் பெயரே வேண்டும். பெயர் பொருந்தாத பணத்தை வங்கி நிறுத்தி வைக்கக்கூடும். ஐரோப்பியர் IBAN கேட்பார்கள். இலங்கையில் அது இல்லை. கணக்கு இலக்கம், கிளை, வங்கியின் SWIFT குறியீடு ஆகியவற்றைக் கொடுத்து, IBAN இல்லை என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.