எட்டாவது கலைப்பில் பழைய கட்டு

52 சீட்டுள்ள கட்டைச் சரிபாதியாக வெட்டுங்கள். மேல் பாதியிலிருந்து ஒன்று, கீழ்ப் பாதியிலிருந்து ஒன்று என்று ஒரு சீட்டுகூடப் பிசகாமல் மாறி மாறிக் கோத்து இறக்குங்கள். முதலில் மேலே இருந்த சீட்டு மேலேயே இருக்க வேண்டும். மேஜிக் செய்பவர்கள் இதை ‘ஃபாரோ’ கலைப்பு என்பார்கள். இதே கலைப்பை எட்டு முறை செய்தால், கட்டு தொடங்கிய வரிசைக்கே திரும்பிவிடும். ஏழாவது முறையில் திரும்பாது, எட்டாவதில் கட்டாயம் திரும்பும்.

எட்டு என்பதை யாரும் கலைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஒரு தாளில் எழுதியே சொல்லிவிடலாம். அதே தாள் இன்னொரு கேள்விக்கும் விடை தரும்: இந்தக் கலைப்பு இரட்டைப்படையா, ஒற்றைப்படையா?

மேல் சீட்டின் இடத்தை 0 என்றும் அடிச்சீட்டின் இடத்தை 51 என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு சீட்டு எங்கே போகும் என்பதற்கு எளிய விதி உண்டு: அதன் இட எண்ணை இரண்டால் பெருக்குங்கள், 51 அல்லது அதற்கு மேல் போனால் 51-ஐக் கழித்துவிடுங்கள். மேல் சீட்டும் அடிச்சீட்டும் நகர்வதே இல்லை. அடிச்சீட்டுக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போட வேண்டாம்.

இப்போது 1-ஆம் இடத்துச் சீட்டைப் பின்தொடர்வோம். அது 2-க்குப் போகிறது, பிறகு 4, 8, 16, 32. அடுத்தது 64, 51 போக 13. பிறகு 26. அதன் இரட்டிப்பு 52. 51 போக 1. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. ஆக (1 2 4 8 16 32 13 26) என்பது எட்டு இடங்கள் கொண்ட ஒரு சுற்று. இதில் வராத மிகச் சிறிய எண் 3. அதிலிருந்து தொடங்கினால் (3 6 12 24 48 45 39 27), மறுபடியும் எட்டு. அடுத்து மீந்திருப்பது 5, பிறகு 9, 11, 19. இவை ஒவ்வொன்றும் எட்டு இடச் சுற்றைத் தருகின்றன. 17 மட்டும் வேறு மாதிரி: 34-க்குப் போய் உடனே 17-க்குத் திரும்பிவிடுகிறது.

ஆக மொத்தம் எட்டு இடச் சுற்று ஆறு, இரண்டு இடச் சுற்று ஒன்று, நகராத சீட்டு இரண்டு. 48 + 2 + 2 = 52. இந்தக் கூட்டலைத் தவறாமல் போட்டுப் பார்க்க வேண்டும். 52 வரவில்லை என்றால் ஏதோ ஓர் எண் விடுபட்டிருக்கிறது, அல்லது இரண்டு இடத்தில் வந்திருக்கிறது.

ஒரு சுற்றில் இருக்கும் சீட்டு இன்னொரு சுற்றுக்குள் நுழைவதே இல்லை. எட்டு இடச் சுற்றில் உள்ள சீட்டுகள் 8, 16, 24-ஆவது கலைப்புகளில் மட்டுமே வீடு திரும்பும்; இரண்டு இடச் சுற்றில் உள்ளவை 2, 4, 6, 8 என்று திரும்பும். எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பும் முதல் தருணம், சுற்று நீளங்களின் மீச்சிறு பொது மடங்கு. இங்கே அது 8. இந்த எண்ணைக் கணிதத்தில் அந்த வரிசைமாற்றத்தின் ‘ஆர்டர்’ என்பார்கள்.

அடுத்தது இரட்டை, ஒற்றை. எந்தக் கலைப்பையும் இரண்டிரண்டு சீட்டுகளை இடம் மாற்றி மாற்றியே செய்து முடிக்கலாம். அதற்கு இரட்டைப்படை எண்ணிக்கையில் மாற்றங்கள் ஆகுமா, ஒற்றைப்படையில் ஆகுமா என்பதே கேள்வி. நீங்கள் ஒரு வழியிலும் நான் ஒரு வழியிலும் செய்தால் எண்ணிக்கை வேறுபடலாம். ஆனால் உங்களுக்கு ஒற்றை, எனக்கு இரட்டை என்று ஒருநாளும் வராது. இதற்கான காரணமும் சுற்றுகளிலேயே இருக்கிறது. இரண்டு சீட்டுகளை இடம் மாற்றும்போது, அவை ஒரே சுற்றில் இருந்தால் அந்தச் சுற்று இரண்டாகப் பிளக்கும்; வெவ்வேறு சுற்றுகளில் இருந்தால் இரண்டும் ஒன்றாக இணையும். எப்படியும் சுற்றுகளின் எண்ணிக்கை சரியாக ஒன்று கூடும் அல்லது குறையும். ஒன்றும் கலைக்காத கட்டில் 52 சுற்றுகள், ஒவ்வொரு சீட்டும் தனிச் சுற்று. நம் கலைப்பில் இருப்பவை ஒன்பது: ஆறு, ஒன்று, நகராத இரண்டு. 52-இலிருந்து 9-க்கு ஒவ்வொரு படியாக ஏறியோ இறங்கியோ வர வேண்டுமென்றால் படிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகத்தான் இருக்க முடியும். 52 − 9 = 43. எனவே ஃபாரோ கலைப்பு ஒற்றை.

மொத்தச் சீட்டிலிருந்து சுற்றுகளின் எண்ணிக்கையைக் கழித்தால் போதும், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் நகராத சீட்டுகளையும் தனிச் சுற்றுகளாக எண்ண வேண்டும். மாணவர்கள் அதிகம் சறுக்குவது இன்னோர் இடத்தில்: நீளம் 8 இரட்டை எண், ஆகவே அந்தச் சுற்றும் இரட்டை என்று நினைத்துவிடுகிறார்கள். எட்டு இடச் சுற்றுக்கு ஏழு மாற்றங்கள் வேண்டும். அதனால் அது ஒற்றை. மூன்று இடச் சுற்றுக்கு இரண்டே போதும். அது இரட்டை.

கை தவறினால் என்ன ஆகும் என்பதையும் இதே தாளில் பார்க்கலாம். மேலிருந்து இரண்டு சீட்டுகள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே விழுந்துவிட்டன, அதற்கு ஈடாகக் கீழ்ப் பாதியிலும் இரண்டு சேர்ந்து விழுந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். 1, 2 ஆகிய இடங்களில் வர வேண்டிய சீட்டுகள் மட்டும் இடம் மாறியிருக்கும். இரண்டும் ஒரே சுற்றைச் சேர்ந்தவை. ஆகவே எட்டு இடச் சுற்று ஏழும் ஒன்றுமாகப் பிளக்கிறது. ஒவ்வொரு முறையும் இதே தவறு நேர்ந்தால், 7, 8, 2 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கான 56 கலைப்புகள் வேண்டும். தவறு 16, 17 ஆகிய இடங்களில் நேர்ந்தாலோ, 17-34 சுற்று எட்டோடு சேர்ந்து பத்தாகிவிடும். 10-க்கும் 8-க்கும் மீச்சிறு பொது மடங்கு 40. இரண்டு நிலையிலும் கலைப்பு ஒற்றையிலிருந்து இரட்டையாகிவிடுகிறது. ஒரே ஒரு சறுக்கல், எட்டை 56-ஆகவோ 40-ஆகவோ மாற்றிவிடுகிறது!

இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஆர்டர் காண, சுற்றுகள் ஒன்றையொன்று தொடாதவையாக இருந்தே ஆக வேண்டும். (1 2), (2 3) என்ற இரண்டு மாற்றங்களை அடுத்தடுத்துச் செய்தால், இரண்டின் நீளமும் 2 என்பதால் ஆர்டர் 2 என்று சொல்லத் தோன்றும். அது தவறு. 2 இரண்டிலும் வருகிறது; சேர்த்துப் பார்த்தால் மூன்று இடச் சுற்று ஒன்று கிடைக்கும், ஆர்டர் 3. இரட்டை-ஒற்றைக்கு இந்தக் கவலை இல்லை. சுற்றுகள் தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒவ்வொன்றின் மாற்றங்களையும் எண்ணிக் கூட்டினால் விடை சரியாகவே வரும்.

ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்கவும் முடியாது. ஒரே விதிவிலக்கு, ஆர்டர் ஒற்றை எண்ணாக இருப்பது. அப்போது எல்லாச் சுற்றுகளின் நீளமும் ஒற்றை, எனவே கலைப்பு இரட்டை. ஆர்டர் இரட்டை எண்ணாக இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. 52 சீட்டில் எட்டக்கூடிய மிகப் பெரிய ஆர்டர் 180180. 4, 5, 7, 9, 11, 13 நீளச் சுற்றுகளால் அது வரும். இவற்றுக்கு 49 சீட்டுகள் ஆகும், மூன்று மீதம். அந்த மூன்றையும் நகராமல் விட்டால் கலைப்பு ஒற்றை. மூன்றில் இரண்டை மட்டும் இடம் மாற்றிக்கொள்ளச் சொன்னால் ஆர்டர் அதே 180180, கலைப்போ இரட்டை.