விதையில் வந்த அடினியத்துக்கு என்ன பெயர் எழுதுவது?

பால்கனித் தொட்டியில் விதை போட்டு வளர்த்த அடினியம் ஒருவழியாகப் பூத்துவிட்டால், வீட்டுக்காரர் முதலில் கைப்பேசியைத்தான் தேடுவார். படம் எடுத்தாகிவிட்டது. அதன் கீழே என்ன எழுதுவது? 'என் பாலைவன ரோஜா பூத்துவிட்டது' என்று எழுதுவோர் ஒரு ரகம். விதை கொடுத்த செடி என்ன பெயரில் விற்கப்பட்டதோ அதையே எழுதிவிடுவோர் இன்னொரு ரகம். தவறு நேர்வது பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான்.

நர்சரியில் அடுக்கடுக்கான இதழ்களோடு பெயர் ஒட்டி விற்கும் அடினியங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒட்டுச்செடிகள். நல்ல பூ கண்ட ஒரே செடியின் கிளையை வெட்டி, விதையில் வளர்ந்த வேறொரு தண்டின் மேல் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பெயர் அந்தக் கிளைக்கும் அதிலிருந்து ஒட்டுப் போட்டவற்றுக்கும்தான் சொந்தம். விதையில் வருவது புதுச் செடி. பங்கனப்பள்ளிப் பழத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கொட்டையை ஊன்றினால் அதே பழம் கிடைக்கும் என்று எந்தத் தோட்டக்காரரும் உறுதி சொல்லமாட்டார் அல்லவா? இதுவும் அப்படித்தான்.

தகப்பன் யார் என்ற சிக்கல் வேறு இருக்கிறது. அடினியம் பூவில் மகரந்தப் பைகள் குழலுக்குள் ஒரு கூம்பாகச் சேர்ந்து ஒளிந்திருக்கும். அதனால் வீட்டுச் செடிகளில் காய் பிடிப்பதே அபூர்வம். பிடித்தாலும், பெரும்பாலும் வேறொரு செடியின் மகரந்தம் வந்து சேர்ந்ததால்தான் பிடித்திருக்கும். மெல்லிய தூரிகையால் ஒருவர் தாமே மகரந்தம் மாற்றியிருந்தாலொழிய, தாய் தெரியும், தந்தை தெரியாது. குறிப்பிலும் அதையே எழுதுவதுதான் நேர்மை.

காய் ஜோடியாகக் கொம்பு போல நீளும். முற்றியதும் வெடிக்கும். இரு முனையிலும் பட்டுக் குஞ்சம் கொண்ட விதைகள் காற்றில் பறந்துவிடும் என்பதால், வெடிக்கும் முன்பே நூலால் கட்டிவிடுவார்கள். புது விதையைத் தென்னைநார்த் தூளும் ஆற்று மணலும் கலந்த கலவையில் படுக்க வைத்து, லேசாக மூடினால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். விதைத்த தேதியைத் தொட்டியிலேயே எழுதிவைக்க வேண்டிய நேரம் இதுதான். ஏனென்றால் பூ வரப் பத்து மாதமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். அதற்குள் தேதி யாருக்கும் நினைவிருக்காது.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? முதல் காரணம் வெயில். ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் விழாத பால்கனியில் தண்டு நெட்டையாக ஓடுமே தவிர மொட்டு வராது. தழைச்சத்து உரம் மிஞ்சினாலும் இலைதான் மண்டும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழை இன்னொரு கண்டம். அடித்தண்டை விரலால் அழுத்தும்போது கொழகொழவென்று உள்ளே போனால் அழுகல் தொடங்கிவிட்டது. சுருங்கி, ஆனால் கொழகொழப்பில்லாமல் இருந்தால் வெறும் தாகம்தான்.

இவ்வளவையும் தாண்டி வந்த முதல் பூவைப் பார்த்து நிறத்தை முடிவு கட்டிவிடக் கூடாது. கடும் வெயிலில் சிவப்பு வெளிறும். அடுக்குப் பூவாக வரவேண்டிய செடி முதல் முறை இதழ் குறைவாகக் காட்டுவதும் உண்டு. கைப்பேசியும் தன் பங்குக்கு உச்சிவெயிலில் அடர்சிவப்பை ஒரே திட்டாக்கிவிடும். காலையில் நிழலில் எடுத்த படமே நிறத்துக்குச் சாட்சி. கூடவே பருத்த அடித்தண்டையும் ஒரு படம் எடுப்பது நல்லது. அதுதான் விதைச் செடியின் அடையாளம்.

எடுத்துக்காட்டாக, ஒரு குறிப்பு இப்படி அமையலாம்: 'அடினியம் ஒபீசம், விதையில் வளர்ந்தது. தாய் அடுக்குச் சிவப்பு ஒட்டுச்செடி; தந்தை தெரியாது. விதைத்தது 2023 பிப்ரவரி, முதல் பூ 2024 ஏப்ரல். ஓரடுக்கு, வெளிர் ரோஜா நிறம், ஓரத்தில் சிவப்புக் கோடு. கிழக்குப் பார்த்த பால்கனி.' தாய் அடுக்கு, பிள்ளை ஓரடுக்கு என்பதை மறைக்காமல் சொல்வதால்தான் படிப்பவருக்கு இதில் விஷயம் கிடைக்கிறது. கலப்பினமோ என்று சந்தேகம் இருந்தால் 'ஒபீசம்' என்பதையும் விட்டுவிட்டு, வெறும் 'அடினியம்' என்று நிறுத்திக்கொள்ளலாம்.

ரோஜா என்று அழைத்தாலும் இது அரளிக் குடும்பம். ஏமன் நாட்டில் செடி சேகரிக்கப் போய் 1763-ல் அங்கேயே இறந்த பீட்டர் போர்ஸ்கோலின் குறிப்புகள் 1775-ல் அச்சேறியபோது, இதை அரளிப் பேரினத்தில்தான் சேர்த்திருந்தார்கள். அரளியைப் போலவே இதன் பாலும் விஷம். ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவியிருக்கிறார்கள். குழந்தைகள் உள்ள வீட்டுக்குக் கன்று கொடுக்கும்போது குறிப்பில் இதற்கும் ஒரு வரி வேண்டும்.

படத்தைப் பார்த்தவர்கள் 'ஒரு கிளை ஒடிச்சுக் கொடுங்களேன்' என்று கேட்பார்கள். ஊன்றிய கிளையில் பூ அப்படியே வரும், ஆனால் விதைச் செடிக்கு உள்ள அந்தப் பருத்த அடித்தண்டு அமைவது கடினம். வேறொரு விதைக்கன்றின் மேல் ஒட்டிக் கொடுத்தால் இரண்டும் கிடைக்கும். அப்படி ஒட்டிய கன்றுக்கு, வீட்டுக்காரர் தாமே ஒரு பெயர் சூட்டி எழுதலாம்.