ஆறு கிலோ பாட்டில்

எங்கள் ஊருக்குப் பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆய்வகத்துக்கென்று ஒரு பாதுகாப்புக் கையேடு எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். ஓய்வு பெற்ற வேதியியல் வாத்தியாருக்கு இதைவிட நல்ல வேலை எது? முதல் நாள் உட்கார்ந்து நாற்பது விதிகள் எழுதினேன். மறுநாள் அதையே ஒரு மாணவனாக நினைத்துப் படித்துப் பார்த்தேன். பத்தாவது விதியிலேயே கண் சொருகியது. சுவரில் ஒட்டினால் பல்லிதான் படிக்கும்.

மூன்றாம் நாள் ஆய்வகத்துக்கே போனேன். உதவியாளர் அம்மாவிடம், "இங்கே உங்களுக்குப் பயமான பொருள் எது?" என்று கேட்டேன். அலமாரியின் மேல் தட்டைக் காட்டினார். "அந்தப் பெரிய பாட்டில்தான் சார். எடுக்கும்போதெல்லாம் கை நடுங்கும்." அடர் கந்தக அமிலம், இரண்டரை லிட்டர். கையேட்டை அந்த ஒரு பாட்டிலைச் சுற்றியே எழுதுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். அதைச் சரியாகக் கையாளத் தெரிந்துகொண்ட ஆய்வகத்தில் மற்ற பாட்டில்கள் பெரும்பாலும் தாமாகவே அடங்கிவிடும்.

பயம் நியாயமானதுதான். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. இந்த அமிலம் லிட்டருக்கு 1.84 கிலோ. இரண்டரை லிட்டர் அமிலத்தோடு கண்ணாடியின் கனமும் சேர்ந்தால் ஏறக்குறைய ஆறு கிலோ. அதைத் தலைக்கு மேல் உள்ள தட்டிலிருந்து கழுத்தைப் பிடித்து இறக்குவதை என்னவென்று சொல்வது? அது இருக்க வேண்டிய இடம் அடித்தட்டு. அதுவும் வெறும் தட்டில் கூடாது. பாட்டில் உடைந்தாலும் முழு அமிலமும் தேங்கும் அளவு ஆழமான பிளாஸ்டிக் தொட்டிக்குள் நிற்க வேண்டும். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும்போது பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்து, வாளியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்க வேண்டும்.

அடுத்தது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது. பல பள்ளிகளில் ரசாயனங்களை அகரவரிசையில் அடுக்கியிருப்பார்கள். தேடுவதற்குச் சுலபம், பார்க்கவும் அழகு. ஆனால் தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் சல்ஃபூரிக் அமிலமும் சோடியமும் ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன. மண்ணெண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும் சோடியம் துண்டுகளுக்குப் பக்கத்தில் இந்த அமிலம் நிற்பது, பட்டாசுக் கடையில் அடுப்பு மூட்டுவது போல. பொட்டாசியம் பர்மாங்கனேட்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அந்தப் படிகங்கள் மேல் அடர் அமிலம் விழுந்தால் பச்சை கலந்த எண்ணெய் போன்ற ஒரு பொருள் உண்டாகி வெடிக்கும். நைட்ரிக் அமிலத்துக்குத் தனித் தொட்டி. அசிட்டோன், ஸ்பிரிட் போன்ற எரியும் திரவங்களுக்குத் தனி அலமாரி.

தவறாக அடுக்கியிருப்பதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்று உண்டு. அலமாரியைத் திறந்ததும் பாட்டில்களின் மேல் வெள்ளையாக மாவு பூத்தது போல் இருந்தால், ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அம்மோனியாவும் ஒரே அறையில் குடித்தனம் நடத்துகின்றன என்று அர்த்தம். இரண்டின் ஆவியும் சேர்ந்து அம்மோனியம் குளோரைடாகப் படிந்திருக்கிறது. அதைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி அதே இடத்தில் வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பாட்டில் திறக்கப்படும் முக்கியமான நேரம் மாணவர்கள் வருவதற்கு முன்பே வந்துவிடும். பர்மாங்கனேட் தரம்பார்த்தலுக்கு நீர்த்த அமிலம் தயாரிக்கும் நேரம் அது. ஒரு மாணவன் 20 மி.லி. கரைசலுக்கு ஏறக்குறைய அதே அளவு நீர்த்த அமிலம் சேர்ப்பான். மூன்று முறை செய்தால் 60 மி.லி. இருபத்தைந்து பேர் கொண்ட ஒரு குழுவுக்கு ஒன்றரை லிட்டர். இதற்கு வேண்டிய 2 நார்மல் அமிலத்தில் ஒரு லிட்டர் செய்ய, 98 சதவீத அடர் அமிலம் சுமார் 55 மி.லி. போதும்.

ஒரு லிட்டர் பீக்கரில் முதலில் 700 மி.லி. தண்ணீர். பீக்கரை ஒரு பேசினில் குளிர்ந்த தண்ணீருக்குள் நிறுத்த வேண்டும். அமிலத்தைக் கண்ணாடிக் கம்பி வழியாக நூல் போல் விட்டு, கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பீக்கர் சூடேறினால் நிறுத்தி, ஆறவிட்டுத் தொடர வேண்டும். முழுவதும் ஆறிய பிறகே தண்ணீர் விட்டு ஒரு லிட்டராக்க வேண்டும். ஒன்றரை லிட்டர் வேண்டுமென்றால் இரண்டு தடவை செய்யுங்கள். பெரிய பாத்திரத்தில் ஒரேயடியாக வேண்டாம். அளவு ஜாடியில் கலப்பதும் கூடாது. அதன் தடித்த அடிப்பாகம் திடீர்ச் சூட்டில் விரிசல் விடும்.

"அமிலத்தைத் தண்ணீரில் ஊற்று, தண்ணீரை அமிலத்தில் ஊற்றாதே" என்று எல்லா வாத்தியாரும் சொல்கிறோம். ஏன் என்று சொல்கிறவர்கள் குறைவு. அமிலம் கனமானது, தண்ணீர் லேசானது. அமிலத்தின் மேல் தண்ணீர் விட்டால் அது கீழே இறங்காமல் மேலேயே மிதக்கும். இரண்டும் சந்திக்கும் மெல்லிய படலத்தில் மொத்தச் சூடும் கிளம்பி, அந்தத் தண்ணீர் அங்கேயே கொதித்து, அமிலத் துளிகளையும் அள்ளிக்கொண்டு முகத்தை நோக்கித் தெறிக்கும். காய்ந்த எண்ணெயில் ஈரக் கையை உதறிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது உடனே புரியும். தண்ணீருக்குள் அமிலத்தை விட்டாலோ, கனமான அமிலம் கீழிறங்கிப் பரவும். கிளம்பும் சூட்டை மொத்தத் தண்ணீரும் வாங்கிக்கொள்ளும்.

இந்த வேலை செய்பவருக்குப் பக்கவாட்டையும் மூடும் கண்ணாடி வேண்டும். "நான்தான் மூக்குக் கண்ணாடி போட்டிருக்கேனே" என்பது ஆசிரியர்களே சொல்லும் சாக்கு. துளி நேராக மட்டும் வருவதில்லை. ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிய கையுறை இதற்கு உதவாது. அடர் கந்தக அமிலம் அதைச் சீக்கிரம் அரித்து உள்ளே போய்விடும். கையுறை இருக்கிறதே என்ற தைரியத்தில் ஈரம் பட்டதையும் கவனிக்க மாட்டோம். நியோபிரீனில் செய்த தடித்த கையுறை ஒரு ஜோடி ஒரு ஆய்வகத்துக்குப் போதும், ஏனென்றால் பெரிய பாட்டிலைத் தொடுகிறவர் ஒருவர்தான்.

மாணவர்களுக்கு ஒவ்வொருவருக்கும் கண்ணாடி, பருத்திக் கோட்டு, விரல்களை மூடிய செருப்பு. ரெட்டைச் சடையை மடித்துக் கட்ட வேண்டும், துப்பட்டாவைக் கோட்டுக்குள் செருக வேண்டும். நைலான், பாலியெஸ்டர் கோட்டுகள் பர்னர் பக்கத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கோட்டைப் பற்றி அம்மாக்கள் ஒரு புகார் சொல்வதுண்டு: "ஆய்வகத்துக்குப் போய்விட்டு வந்தப்போ நல்லாத்தான் இருந்தது, துவைச்சதும் ஓட்டை ஓட்டையா ஆயிடுச்சு." காரணம் நீர்த்த அமிலம்தான். கந்தக அமிலம் ஆவியாகாது. துணியில் தெறித்த துளியில் தண்ணீர் மட்டும் காய்ந்துபோக, அமிலம் மேலும் மேலும் அடர்ந்து நூலைத் தின்றுவிடும். ஆகவே நீர்த்ததுதானே என்று விடாமல், தெறித்த இடத்தை உடனே அலச வேண்டும்.

மாணவர் நடத்தை என்ற தலைப்பில் நான் எழுதியது கொஞ்சம்தான். ஓடாதே, தின்னாதே, பிப்பெட்டை வாயால் உறிஞ்சாதே, சோதனைக் குழாயின் வாயைப் பக்கத்துப் பையன் பக்கம் திருப்பாதே. நான் அதிகம் அஞ்சுவது குறும்பை அல்ல, அவசரத்தில் பாட்டில் மாறுவதை. அடர் அமிலமும் நீர்த்த அமிலமும் இரண்டுமே நிறமற்றவை. ஒரே மாதிரி பாட்டிலில் இருந்தால் பரீட்சைப் படபடப்பில் யாருக்குத் தெரியும்? இரும்பு உப்புக் கரைசலில் நீர்த்த அமிலத்துக்குப் பதிலாக அடர் அமிலத்தை ஊற்றினால் கூம்புக் குடுவை கையில் பிடிக்க முடியாத சூடாகும், கீழே போடுவான், உடையும். அதனால் மாணவர் மேசையில் அடர் அமிலமே இருக்கக் கூடாது. பழுப்பு வளையச் சோதனைக்கு வேண்டிய சில துளிகள் ஆசிரியர் மேசையில், சொட்டுக்குழல் உள்ள சிறு பாட்டிலில் இருக்கட்டும். வேண்டியவன் சோதனைக் குழாயோடு அங்கே வரட்டும்.

இனி, சிந்திவிட்டால். ஒரு சிறு பீக்கரில் இருந்த 50 மி.லி. அடர் அமிலம் தரையில் கொட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இருப்பவர்களை நகர்த்திவிட்டு, சுற்றிலும் உலர்ந்த மணலால் கரை கட்ட வேண்டும். பிறகு சமையல் சோடாவை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். நுரைக்கும். நுரை அடங்கியதும் மறுபடி தூவ வேண்டும். தூவினாலும் நுரைக்காத நிலை வந்தால் அமிலம் தீர்ந்தது. அதன்பின் வாரி எடுத்து, நிறையத் தண்ணீரால் கழுவலாம். முதலிலேயே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் கதை பழையபடி தெறிப்பில் முடியும். மரத்தூள், காகிதம், சாக்கு எதுவும் வேண்டாம், கரிந்து புகையும். 50 மி.லி. அமிலத்தை முறிக்கக் கணக்குப்படி ஏறக்குறைய 155 கிராம் சோடா ஆகும். மளிகைக் கடையில் வாங்கிய சிறு பொட்டலத்தை நம்பி இருக்கும் ஆய்வகங்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு வாளி மணலும் இரண்டு கிலோ சோடாவும் கதவருகே இருக்கட்டும்.

உடம்பில் பட்டால் கணக்கு நேர் எதிர். அங்கே சோடா கிடையாது, தண்ணீர்தான், அதுவும் உடனே. தரையில் தெறிப்பதற்குப் பயந்தோம்; தோலில் இருக்கும் துளியை ஓடும் தண்ணீர் சூட்டோடு சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும். நனைந்த சட்டையைத் தலை வழியாகக் கழற்றாமல் கத்தரித்து எடுக்க வேண்டும், முகத்தில் படாமல் இருக்க. கண்ணில் பட்டால் இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, கழுவிய தண்ணீர் மற்றக் கண்ணுக்குள் ஓடாதபடி தலையைச் சாய்த்து, கடிகாரத்தைப் பார்த்துக் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

பதினைந்து நிமிடம் என்று எழுதுவது சுலபம். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்றாலும் 30 லிட்டர் தண்ணீர். நான் போன அன்று அந்த ஆய்வகக் குழாயில் காற்றுதான் வந்தது, மோட்டார் பழுதாம். அன்றைக்குக் கையேட்டில் சேர்த்த வரி இது: குழாய் வைத்த 50 லிட்டர் டிரம் ஒன்றை மேசைக்கு மேல் நிறுத்தி, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றி நிரப்பி வைக்காமல் செய்முறை வகுப்பு தொடங்கக் கூடாது.

பதிவேடு ஒன்றும் வேண்டும். இது என் யோசனை அல்ல. அமில வீச்சு வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு கல்வி நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. அமிலம் எவ்வளவு செலவானது என்பதற்குப் பதிவேடு, பொறுப்பாக ஒருவர், ஆய்வகத்திலிருந்து வெளியேறும் மாணவர்களைச் சோதிப்பது என்று அதில் தெளிவாக இருக்கிறது. உதவியாளர் அம்மா அதற்கு ஒரு சுலப வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு முறை எடுத்த பிறகும் பாட்டிலின் வெளியே அமில மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. பதிவேட்டில் எழுதியதும் கோடும் ஒத்துப்போகிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

பாட்டில் தீர்ந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. கனமான நல்ல கண்ணாடி. பினாயில் ஊற்றி வைக்கலாம் என்று யாராவது கேட்பார்கள். கொடுக்கக் கூடாது. கண்ணாடி அணிந்துகொண்டு, பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, சோடா கரைத்த வாளியில் கவிழ்த்து, இப்படி மூன்று தடவை அலசி, லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு, பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் "காலி" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.