வேப்பிலை கட்டிய வாசல்

நோயாளியின் பண்பாட்டை மதிக்கும் நர்ஸ் செய்யக்கூடியவை மூன்று என்று மேடலின் லைனிங்கர் வகுத்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். வீட்டு வழக்கத்தை அப்படியே விடுவது, கொஞ்சம் வளைந்துகொடுப்பது, மாற்றியே தீர வேண்டியதை மாற்றுவது. தேர்வில் எழுதச் சுலபம். அம்மை வார்த்த வீட்டில் எப்படி?

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். 28 வயது மகனுக்கு நேற்று இரவுதான் முத்துப் போட்டிருக்கிறது. மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளுக்கு இதுவரை அம்மை வந்ததில்லை. களப்பணிக்கு வந்த மாணவி மகனிடம் மாத்திரையைப் பற்றிப் பேசினால், "அம்மாவக் கேளுங்க" என்பான். அந்த வீட்டில் முடிவெடுப்பது மாமியார். அவரை விட்டுவிட்டு யாரிடம் பேசியும் பயனில்லை.

வாசலில் வேப்பிலை. அதைப் பார்த்தவர் உள்ளே வரமாட்டார். தொற்றுநோய்க்கு வேண்டிய தனிமை அங்கேயே கிடைத்துவிடுகிறது. தாளிப்பு இல்லை, கறி இல்லை. கூழ், மோர், இளநீர். இதிலும் கைவைக்க ஒன்றுமில்லை. சத்துக்குப் பாசிப்பருப்புக் கஞ்சி சேர்க்கலாமா என்று மாமியாரையே கேட்கலாம். மாணவிகள் பலர் முதல் நாளே வேப்பிலையைப் பற்றி வகுப்பெடுத்து, காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

சிக்கல் மாத்திரையில். பெரியவர்களுக்கு அம்மை கடுமையாக வரும், நுரையீரலையும் தாக்கலாம். முத்துப் போட்ட 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் தொடங்கினால்தான் நல்ல பலன். அதை மருத்துவர்தான் எழுத வேண்டும். வழக்கமாக 800 மில்லிகிராம், நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள்.

"மருந்து குடுத்தா ஆத்தா கோவிச்சுக்குவா தாயி."

"ஆத்தா படத்துக்கு முன்னாடி வச்சு எடுத்துக் குடுங்க பெரியம்மா. இளநீ, மோர் குடுக்குற நேரத்துலயே குடுத்துடலாம்."

இது நயத்துக்காக மட்டும் சொன்னதல்ல. நீர் குறைந்தால் இந்த மருந்து சிறுநீரகத்தில் படிகமாகத் தங்கலாம். மாமியார் தரும் பானங்கள் அதற்கும் காவல்.

வளையக் கூடாத இடம் மருமகள். கர்ப்பிணியைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பார்கள், பாதுகாப்பாகத்தான் தோன்றும். ஆனால் முத்து தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே நோய் பரவத் தொடங்கிவிடும். அவளுக்குத் தொற்றியிருந்தால் பெரும்பாலும் 10 முதல் 21 நாளில் வெளிப்படும். போகிற வீட்டில் இன்னொரு கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் அவர்களுக்கும் ஆபத்து. அவள் போக வேண்டிய இடம் மருத்துவமனை. அதுவும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, மற்ற கர்ப்பிணிகளோடு வரிசையில் உட்காராமல். நோய் எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் இம்யூனோகுளோபுலின் ஊசி பற்றி முடிவெடுப்பார்கள். நோயாளியோடு பழகிய 10 நாளுக்குள் அதைப் போட வேண்டும்.

கூடப் போகிறவர் மாமியாராகவே இருந்தால் நல்லது. ஊசிக்குச் சம்மதம் கேட்கும்போது, வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறோம் என்று நாள் கடத்த வேண்டியிருக்காது.