ஆண்டு பொருந்துகிறது, ஆள் பொருந்துவாரா?

பழைய ஓவியம் ஒன்று கிடைக்கிறது. அதில் ஓர் ஆண்டு இருக்கிறது. அமர்ந்திருப்பவரின் வயதும் இருக்கிறது. பெயர் மட்டும் இல்லை. அவ்வாண்டில் அவ்வயதுடைய புகழ்பெற்ற ஒருவரின் பிறப்புப் பதிவு வேறோரிடத்தில் கிடைக்கிறது. இரண்டையும் இணைத்துப் பெயர் சூட்டிவிடலாமா? இவ்வினாவுக்கு ஆங்கில நாடக ஆசிரியர் கிறிஸ்டோபர் மார்லோவுடையது எனச் சொல்லப்படும் ஓவியத்தைப் போல் நல்ல சான்று வேறில்லை எனலாம்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியில், 1950களின் தொடக்கத்தில் கல்லூரித் தலைவரின் இல்லத்தைப் புதுப்பித்தனர். அப்போது இடிபாட்டுப் பொருள்களிடையே உடைந்த மரப்பலகைகள் கிடந்தன. பலகையில் தீட்டிய ஓவியம் அது. மெல்லிய மீசையும் அடர்ந்த பழுப்புத் தலைமுடியும் கொண்ட இளைஞர் ஒருவர் கைகளைக் கட்டியபடி நம்மை நோக்குகிறார். கறுப்பு மேலாடையில் கீறல்களினூடே செந்நிற உட்துணி தெரிகிறது. பொன்னிறப் பொத்தான்கள் வரிசையாக உள்ளன. மேலே இலத்தீன் மொழியில் ஆண்டு 1585, வயது 21 என எழுதப்பட்டுள்ளது. அதன் கீழ் ஒரு வாசகம். 'என்னை ஊட்டி வளர்ப்பதே என்னை அழிக்கிறது' என்பது அதன் பொருள்.

இனி ஆவணங்களுக்கு வருவோம். மார்லோ கேண்டர்பரி நகரின் செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகன். 1564 பிப்ரவரி 26ஆம் நாள் அவருக்குத் திருமுழுக்கு நடந்ததாகத் தேவாலயப் பதிவேடு கூறுகிறது. 1580 இறுதியில் அவர் இதே கார்பஸ் கிறிஸ்டி கல்லூரிக்கு வாரம் ஒரு ஷில்லிங் உதவித்தொகை பெறும் மாணவராக வந்தார். 1584இல் இளங்கலைப் பட்டமும், 1587இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். ஆக, 1585இல் அவர் அக்கல்லூரியின் மாணவர், வயதும் 21. ஓவியம் கிடைத்த இடமும் அதே கல்லூரி. இம்மூன்றும் ஒன்றுசேரும்போது உள்ளம் துள்ளுவது இயல்பே.

ஆனால் முதற்சிக்கல் அந்த 21 என்னும் எண்ணிலேயே இருக்கிறது. நம் வீடுகளில் முதியோரிடம் வயதைக் கேட்டால், 'இருபது முடிந்து இருபத்தொன்று நடக்கிறது' என்பார்கள். அவ்விலத்தீன் தொடருக்கும் அவ்வாறே இருபொருள் கொள்ள இடமுண்டு. அது நிறைந்த வயதாகவும் இருக்கலாம். நடப்பு வயதாகவும் இருக்கலாம். அக்கால இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் தொடங்கியதாகக் கணக்கிடும் வழக்கம் இருந்தது. 1752இல்தான் அது மாறியது. ஆகவே 1585 என்பது அக்கணக்கில் 1585 மார்ச் 25 முதல் 1586 மார்ச் 24 வரையிலான காலம்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 21 என்பது நிறைந்த வயது எனில், அவ்வாண்டின் முதல் பதினோரு மாதங்களுக்கும் மார்லோ பொருந்துவார். நடப்பு வயது எனில், அவர் அப்போது 22ஆம் வயதில் நடந்துகொண்டிருந்தார், பொருந்தமாட்டார். ஓவியர் ஜனவரி முதல் தேதியில் ஆண்டைத் தொடங்கியவர் எனக் கொண்டால், நடப்பு வயதுக் கணக்குப்படி 1585இன் முதல் இரு மாதங்களுக்கு மட்டும் பொருந்துவார். இத்தனைக்கும் நம்மிடம் இருப்பது திருமுழுக்கு நாளே. பிறந்த நாள் அன்று.

சரி, பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாம் சிக்கல் அதனினும் பெரியது. ஒரு பெயர் பொருந்துகிறது என்பதற்கும், வேறு எப்பெயரும் பொருந்தாது என்பதற்கும் வேறுபாடு உண்டு. அக்கல்லூரியில் அவ்வயதொத்த மாணவர் பத்துப்பேர் இருந்ததாகப் பேச்சுக்குக் கொள்வோம். ஆண்டும் வயதும் அப்பத்துப்பேருக்கும் ஒரே அளவில்தான் சான்று கூறும். அவர்களுள் மார்லோ மட்டும் நமக்குத் தெரிந்தவர் என்பது ஓவியத்தைப் பற்றிய செய்தி அன்று. நம் அறிவின் எல்லையைப் பற்றிய செய்தி. அன்றியும், ஓவியத்தில் இருப்பவர் அக்கல்லூரி மாணவராகவே இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. தலைவர் இல்லத்தில் வாழ்ந்த எவரேனும் ஒருவர் தம் குடும்ப உடைமையாகக் கொணர்ந்து விட்டுச் சென்றிருக்கலாம். ஓவியம் எப்போது எவ்வழியில் அங்கு வந்தது என்பதற்கு ஆவணம் எதுவும் இல்லை.

உடையும் ஐயத்தையே எழுப்புகிறது. இன்னார் இன்ன துணிதான் உடுத்தலாம் என்று சட்டம் இருந்த காலம் அது. மாணவர் உடைக்கும் கட்டுப்பாடு உண்டு. வாரம் ஒரு ஷில்லிங்கில் படித்த ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இவ்வுடை எங்கிருந்து வந்தது? மார்லோவின் பக்கம் நிற்போர் விடை வைத்திருக்கிறார்கள். கல்லூரி உணவுப் பண்டகக் கணக்கில் அவர் வராத வாரங்களும், திரும்பியபின் கூடுதலாகச் செலவிட்ட வாரங்களும் தெரிகின்றன. 1587 ஜூன் 29இல் அரசியின் ஆலோசனைக் குழு, அவர் அரசிக்கு நற்பணி புரிந்தவர் எனக் குறிப்பிட்டுள்ளது. ஆகவே அரசின் இரகசியப் பணியால் பணம் வந்திருக்கும் என்கிறார்கள். அக்குறிப்பு ஓவியத்துக்கு இரண்டாண்டு பிந்தியது. ஓவியம் மார்லோவுடையது என்று முன்னரே நம்பினால்தான் இவ்விளக்கம் தேவைப்படுகிறது. பிறகு அவ்விளக்கத்தையே சான்றாக நீட்டுவது வட்டத்தில் சுற்றுவதாகும்.

வாசகத்தின் கவர்ச்சியும் இத்தகையதே. 1593 மே 30இல், 29 வயதில், டெப்ட்ஃபோர்டில் கத்திக்குத்துப்பட்டு இறந்தவருக்கு அவ்வாசகம் எவ்வளவு இசைகிறது! ஆனால் 1585இல் ஓவியத்துக்கு அமர்ந்தவர் எவராயினும், எட்டாண்டுகளுக்குப் பின் மார்லோ அவ்வாறு இறப்பார் என்பதை அறிந்திருக்க முடியாது. காதலின் துயரைக் குறிக்கவும் இத்தகைய வாசகங்களை அக்கால இளைஞர் விரும்பி ஏற்றனர்.

முகத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாமே எனலாம். எதனோடு ஒப்பிடுவது? மார்லோவின் உறுதியான உருவப்படம் வேறொன்றும் இல்லை. ஆனால் புத்தக அட்டைகளில் இம்முகத்தையே மீண்டும் மீண்டும் கண்டு பழகியதால், பார்த்தவுடன் 'இது மார்லோ' எனத் தோன்றுகிறது. இது நம் கண் கற்றுக்கொண்ட பாடமேயன்றி வேறன்று.

இதே முறையில் இன்னொரு பெயரும் சூட்டப்பட்டது. மான்செஸ்டர் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் உள்ள கிராஃப்டன் ஓவியத்தில் ஆண்டு 1588, வயது 24. ஷேக்ஸ்பியரின் திருமுழுக்கு 1564 ஏப்ரல் 26. உடனே அது ஷேக்ஸ்பியர் எனப்பட்டது. அதில் உள்ளவரின் உடையும் செல்வருடையதே. அவரை ஷேக்ஸ்பியரோடு இணைக்கும் ஆவணம் இல்லை. 1564இல் பிறந்த இளைஞர் இங்கிலாந்தில் பல்லாயிரவர் இருந்திருப்பர். நமக்குப் பெயர் தெரிந்தவர் சிலரே.

மார்லோவைப் பொறுத்தவரை 1585ஆம் ஆண்டு வெறுமையானதும் அன்று. அவ்வாண்டு ஆகஸ்டில் கேண்டர்பரியில் கேத்தரின் பெஞ்ச்கின் என்னும் பெண்மணியின் உயிலுக்கு அவர் சாட்சியாகக் கையொப்பமிட்டார். நமக்குக் கிடைத்துள்ள அவருடைய ஒரே கையெழுத்து அதுவே. அந்த உயிலில் ஊர், நாள், பெயர் மூன்றும் ஒரே தாளில் உள்ளன. ஓவியத்தில் பெயர் இல்லை. கல்லூரியின் பழைய பொருட்பட்டியலில் ஒரு வரியோ, ஓவியருக்குப் பணம் கொடுத்த சீட்டோ, பெயருடன் கூடிய மறுபடியோ கிடைக்கலாம். அல்லது அவ்விலத்தீன் வாசகத்தைத் தமதாகக் கொண்ட வேறொரு குடும்பத்தின் முத்திரை வெளிப்படலாம். அதுவரை 'மார்லோ எனக் கருதப்படுபவர்' என்று எழுதுவதே முறை. அத்தொடரைச் சுருக்கி 'மார்லோ' என அச்சிடும் நூல்களை நான் சற்று ஐயத்துடனேயே திறக்கிறேன்.