‘குட் நேம்’ கேட்டால் எதை எழுதுவது?

இந்தியப் படிவங்களில் வரும் ‘குட் நேம்’ என்பது ஒருவருடைய அதிகாரப்பூர்வமான முழுப்பெயர். இந்தியில் மரியாதையாகப் பெயர் கேட்கும் ‘சுப் நாம்’ ஆங்கிலத்தில் இப்படி ஆனது. நேரில் கேட்டால் வழக்கமான பெயரைச் சொன்னாலே போதும்.

வங்காளத்தில் இதற்குத் துல்லியமான பொருளும் உண்டு. அங்கே பிள்ளைக்கு இரண்டு பெயர்கள்: வீட்டார் கூப்பிடும் ‘டாக் நாம்’, பள்ளிப் பதிவேட்டில் ஏறும் ‘பாலோ நாம்’, அதாவது நல்ல பெயர். ஜும்பா லாஹிரியின் ‘தி நேம்சேக்’ (2003) நாவலின் நாயகனுக்கு வீட்டில் கோகோல் என்று பெயர். நல்ல பெயராகப் பெற்றோர் வைப்பது நிகில். படிவத்தில் எழுத வேண்டியது நிகில், கூடவே குடும்பப் பெயர் கங்குலி.

வீட்டுப் பெயரை எழுதிவிட்டால் பிற்பாடு சான்றிதழும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போகாமல் திருத்தத்துக்கு அலைய நேரும். கையிலுள்ள அடையாள ஆவணத்தில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுவது பாதுகாப்பானது. தமிழ்நாட்டவர்க்கு இன்னொரு சிக்கல் இனிஷியல். ‘ஆர். குமார்’ என்று கையெழுத்திடுபவர் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘ஆர்’ என்பதை ராமசாமி என்று விரித்தே எழுத வேண்டும்.