ஃபார்வர்டு ஒப்பந்தத்தின் இன்றைய மதிப்பு

பின்னொரு நாளில் நடக்கப்போகும் கொடுக்கல் வாங்கலுக்கு இன்றே விலை பேசி முடிப்பது ஃபார்வர்டு ஒப்பந்தம். கையெழுத்தாகும் நாளில், வங்கியின் சிறு லாபத்தை ஒதுக்கிவிட்டால், அதன் மதிப்பு பூஜ்யம். அன்றைய சந்தையின் ஃபார்வர்டு விலையிலேயே அது போடப்படுவதால் இரு தரப்புக்கும் சாதகமோ பாதகமோ இல்லை. மாதங்கள் செல்லச்செல்ல சந்தை விலை நகரும். ஒப்பந்த விலை நகராது. மதிப்பு பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர் ஒருவருக்கு ஆறு மாதத்தில் 1,00,000 டாலர் வரவேண்டியிருக்கிறது என்று கொள்ளலாம். அதை ஒரு டாலர் 84.50 ரூபாய்க்கு விற்பதாக வங்கியுடன் ஒப்பந்தம் செய்கிறார். இரண்டு மாதம் கழித்து டாலரின் அன்றைய ரொக்க விலை 85.30 ரூபாய். அவருடைய ஒப்பந்தம் முடியும் அதே தேதிக்கு, அதாவது இன்னும் நான்கு மாதத்துக்கு, ஃபார்வர்டு விலை 86.00 ரூபாய்.

ரொக்க விலையோடு ஒப்பிட்டு, டாலருக்கு 80 காசு, ஆக மொத்தம் 80,000 ரூபாய் பாதகம் என்று பலர் கணக்குப் போடுவார்கள். அது தவறு. டாலர் கைமாறப்போவது இன்றல்ல, நான்கு மாதம் கழித்து. ஆகவே அந்தத் தேதிக்கான விலையோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஏன் என்பதை ஒரு சோதனை காட்டிவிடும். ஏற்றுமதியாளர் இன்று அதே தேதிக்கு அதே அளவு டாலரை 86.00 ரூபாய்க்கு வாங்க எதிர் ஒப்பந்தம் போடட்டும். அந்த நாளில் ஒன்றில் வாங்கும் டாலர் மற்றொன்றில் விற்கப்பட்டுவிடும். இடையில் டாலர் எங்கே போனாலும், அவர் கையிலிருந்து போவது டாலருக்கு 1.50 ரூபாய், மொத்தம் 1,50,000 ரூபாய். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

ஆனால் அந்தத் தொகை போகப்போவது நான்கு மாதம் கழித்து. இன்றைய மதிப்பு வேண்டுமானால் அதற்குரிய வட்டியைக் கழிக்க வேண்டும். தொகை ரூபாயில் இருப்பதால் ரூபாய் வட்டிதான் பொருந்தும். ஆண்டுக்கு 6 சதவீதம் என்றால் நான்கு மாதத்துக்கு 2 சதவீதம். 1,50,000-ஐ 1.02-ஆல் வகுத்தால் சுமார் 1,47,059 ரூபாய். ஏற்றுமதியாளருக்கு ஒப்பந்தத்தின் மதிப்பு இந்த அளவுக்குக் கழித்தல் குறியுடன் நிற்கிறது. வங்கிக்கு அதே தொகை கூட்டல் குறியுடன். டாலர் இறங்கியிருந்தால் குறிகள் இடம் மாறியிருக்கும்.

இதை அவருடைய தொழிலின் நஷ்டமாகப் படிக்கக் கூடாது. வரவேண்டிய டாலருக்கும் ரூபாய்க் கணக்கில் மதிப்பு கூடியிருக்கிறது. ஒன்றை மற்றொன்று ஈடு செய்கிறது. வாங்குபவர் ஆர்டரை ரத்து செய்து டாலர் வராமல் போனால்தான் ஒப்பந்தத்தின் பாதகம் தனித்து நின்று உண்மையான நஷ்டமாகிறது.

அப்படி ஒப்பந்தத்தை நடுவில் முறிக்கும்போது வங்கி கேட்கும் தொகை இந்தக் கணக்கைவிடச் சற்று கூடலாம். எதிர் ஒப்பந்தத்துக்குப் பயன்படுவது சந்தையின் நடுவிலை அல்ல. வங்கி டாலரை விற்கும் விலை.